பத்து இலட்சம் வைத்தால் கைக்கு எவ்வளவு?

மருதனார்மடம் சந்தையில் மரக்கறி விற்பவர், காங்கேசன்துறை வீதியில் கடை வைத்திருப்பவர், வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசைச் சேர்த்து வைத்திருக்கும் தாய் என்று பலரும் இப்போது நிலையான வைப்பைக் கைத்தொலைபேசியிலேயே போடுகிறார்கள். முன்பு சுன்னாகத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய் வங்கியில் வரிசையில் நின்று, உத்தியோகத்தர் எழுதித் தந்த வைப்புச் சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். இன்று வங்கியின் செயலியில் தொகையையும் காலத்தையும் தட்டினால் ஒரு திரை வருகிறது. அதில் இருக்கும் எல்லா எண்களும் சரியானவை. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்கிறது. எந்த எண் எதற்கு விடை என்று தெரியாமல் ‘சரி’ என்று அழுத்திவிட்டு, ஒரு வருடம் கழித்து “வங்கி காசைக் குறைச்சுப் போட்டுது” என்று கவலைப்படுபவர்கள் நிறையப் பேர்.

ஒரு வைப்பை எடுத்துக்கொண்டு அந்தத் திரையை வரி வரியாக வாசிப்போம். மருதனார்மடத்தில் வீட்டிலிருந்தபடியே தையல் தைக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையலில் மாதம் ஏறக்குறைய 40,000 ரூபாய் வருகிறது. அவர் கையில் பத்து இலட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. 2025 ஒக்ரோபர் 10ஆம் திகதி அதை ஒரு வருடத்துக்குப் போடுகிறார். வட்டி வீதங்களை விளங்குவதற்கு வசதியாக நான் எடுத்திருக்கிறேன். உங்கள் வங்கியில் அன்றைய வீதம் வேறாக இருக்கும். திரை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Deposit Amount     LKR 1,000,000.00
Tenure             12 Months
Interest Rate      8.00% p.a.
Interest Payment   At Maturity
Maturity Date      10/10/2026
Maturity Value     LKR 1,080,000.00
WHT                10%
```

கண் நேராக `Maturity Value` என்ற வரிக்குத்தான் போகும். பெரிய எண் அங்கேதான் இருக்கிறது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அதற்கு இரண்டு வரி மேலே இருக்கும் `Interest Payment`. வட்டி எப்போது, எங்கே வரும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அது மாறினால் கீழே உள்ள முதிர்வுத் தொகையும் மாறிவிடும்.

`At Maturity` என்றால் வட்டி முழுவதும் வைப்பு முதிரும் நாளில் ஒரே தடவையில் வரும். அதுவரை உங்களுக்கு ஒரு சதமும் வராது. பத்து இலட்சத்துக்கு எட்டு வீதம் என்றால் 80,000 ரூபாய். முதலோடு சேர்த்து 1,080,000. திரையில் இருக்கும் கணக்கு இதுதான்.

அதே இடத்தில் `Monthly` என்பதைத் தெரிவு செய்தால் திரை வேறு மாதிரி மாறும். வட்டி வீதம் சற்றே குறையும். நம் உதாரணத்தில் 7.70 வீதம் என்று வைப்போம். முதிர்வுத் தொகை என்ற இடத்தில் 1,000,000.00 என்று மட்டும் காட்டும். இதைக் கண்டு பயந்து, வட்டியே இல்லாத கணக்கைத் திறந்துவிட்டோமோ என்று திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. மாதாமாதம் வட்டி உங்கள் சேமிப்புக் கணக்குக்குப் போய்விடுகிறது. ஆகவே கடைசி நாளில் முதல் மட்டுமே மீதமிருக்கும். கிளையில் கேட்டால், “வட்டி மாதாமாதம் உங்கட சேமிப்புக் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும் அம்மா, முடிவில முதல் மட்டும்தான் வரும்” என்று சொல்வார்கள். அந்த ஒரு வசனம் திரையில் எழுதப்பட்டிருப்பதில்லை.

மாத வட்டியில் பத்து இலட்சத்துக்கு வருடத்துக்கு 77,000 ரூபாய், பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,416.67. சில வங்கிகள் இப்படிச் சமமாகப் பிரிக்காமல் மாதத்தின் நாட்களை எண்ணிக் கணக்கிடும். அப்படியானால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 210.96 ரூபாய். 31 நாளுக்கு 6,539.73, 30 நாளுக்கு 6,328.77, 28 நாளுக்கு 5,906.85. பெப்ரவரி மாதத்துக்கான வட்டி 31 நாள் மாதங்களைவிட அறுநூறு ரூபாய்க்கு மேல் குறைந்து வந்தால் பிழை என்று எண்ண வேண்டாம். நாள் குறைந்ததால் காசும் குறைந்திருக்கிறது. வருட முடிவில் கூட்டினால் அதே 77,000தான்.

மாத வட்டிக்கு வீதம் ஏன் குறைவு? முதிர்வில் வட்டி எடுப்பவரின் 80,000 ரூபாயும் வருடம் முழுக்க வங்கியிடமே கிடக்கிறது. மாதாமாதம் எடுப்பவருக்கு வங்கி அந்தக் காசை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. முன்னால் கிடைக்கும் காசுக்கு ஒரு பெறுமதி உண்டு, அதைத்தான் வீதத்தில் கழிக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கத்தான் வட்டி வீதத்துக்குப் பக்கத்தில் `AER` என்று இன்னொரு வீதம் போடுவார்கள். வருடாந்தப் பயனுறு வீதம் என்று தமிழில் எழுதுவது அதைத்தான். 7.70 வீத மாத வட்டியின் `AER` ஏறக்குறைய 7.98 வரும். முதிர்வில் எடுக்கும் எட்டு வீத வைப்புக்கு அது எட்டாகவே இருக்கும். அதாவது இரண்டும் கிட்டத்தட்ட சமம்.

ஆனால் இந்த 7.98ஐ நம்பித் தெரிவு செய்யும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். மாதாமாதம் வரும் வட்டியை நீங்கள் எடுத்துச் செலவழிக்காமல், அதே 7.70 வீதத்தில் திரும்பவும் போட்டுக்கொண்டே வந்தால்தான் அந்த எண் கிடைக்கும். மாதம் ஆறாயிரம் ரூபாயை அந்த வீதத்தில் போடுவதற்குப் பலருக்கு வசதி இராது. அது சேமிப்புக் கணக்கில் குறைந்த வட்டிக்குக் கிடக்கும், அல்லது மின்சாரக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் போகும். எனவே என் கருத்து இதுதான்: மாதச் செலவுக்கு அந்தக் காசு தேவை என்றால் மாத வட்டியைத் தயங்காமல் எடுங்கள், அதற்காகத்தான் அந்தத் தெரிவு இருக்கிறது. தேவை இல்லை என்றால் முதிர்வில் எடுப்பதே நல்லது. `AER` சமமாக இருக்கிறதே என்று மாத வட்டியைத் தெரிவு செய்துவிட்டு அதைச் சேமிப்புக் கணக்கில் விட்டுவைப்பதில் பயன் இல்லை.

வீதத்துக்குப் பின்னால் இருக்கும் `p.a.` என்பதையும் விட்டுவிடக் கூடாது. அது ஒரு வருடத்துக்கான வீதம். ஆறு மாத வைப்புக்கு 7.50 வீதம் என்று போட்டிருந்தால் பத்து இலட்சத்துக்கு 75,000 வராது, அதில் பாதி, 37,500 ரூபாய்தான் வரும். மூன்று மாதத்துக்கு வருட வட்டியில் கால் பங்கு. குறுகிய கால வைப்புப் போடுபவர்கள் அதிகம் ஏமாற்றமடைவது இந்த இடத்தில்தான்.

இனி வரிக்கு வருவோம். திரையின் அடியில் `WHT` அல்லது `AIT` என்று இருக்கும். முன்னையது நிறுத்திவைத்தல் வரி, பின்னையது முற்பண வருமான வரி. வைப்பாளரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்: வட்டியை உங்கள் கணக்கில் போடுவதற்கு முன் வங்கி அதில் ஒரு பகுதியைக் கழித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடும். இந்த வரி வருவதும் போவதுமாக இருந்ததால்தான் பலருக்குக் குழப்பம். 2020இன் தொடக்கத்தில் அது நீக்கப்பட்டிருந்தது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2023 ஜனவரி 1 முதல் ஐந்து வீதமாகத் திரும்ப வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் பத்து வீதமாகியிருக்கிறது. ஆகவே 2024இல் போட்ட வைப்புக்கு ஐந்து வீதம் கழித்ததை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய கணக்கைப் பார்த்தால் பொருந்தாது.

கழிப்பது வட்டியில் மட்டும்தான். முதலில் ஒரு ரூபாயிலும் கைவைப்பதில்லை. “பத்து வீதம் வரி” என்று கேட்டதும் பத்து இலட்சத்தில் ஒரு இலட்சம் போய்விடும் என்று பயந்து வைப்பே போடாமல் விட்ட வயதானவர்கள் உண்டு. நம் தையல்காரப் பெண்ணின் கணக்கில் 80,000 ரூபாய் வட்டியில் பத்து வீதம், 8,000 ரூபாய் கழியும். கைக்கு வருவது 72,000. முதலோடு சேர்த்து 1,072,000. மாத வட்டி எடுத்திருந்தால் ஒவ்வொரு மாதமும் 6,416.67இல் 641.67 கழிந்து 5,775 ரூபாய் வரும், வருடத்துக்கு 69,300.

இப்போது அந்தப் பெரிய எண்ணைத் திரும்பப் பாருங்கள். திரையில் 1,080,000 என்று இருக்கிறது, கைக்கு வரப்போவது 1,072,000. இந்தத் திரையில் `Maturity Value` என்பது வரி கழிக்க முன்னுள்ள தொகை. வரி வீதத்தைத் தனி வரியில் காட்டிவிட்டு, முதிர்வுத் தொகையில் அதைக் கழிக்காமலே விடும் திரைகள் இருக்கின்றன. கழித்துக் காட்டுபவையும் இருக்கின்றன. உங்கள் வங்கியின் திரை எந்த வகை என்பதை யாரிடமும் கேட்காமலே கண்டுபிடிக்கலாம். முதிர்வுத் தொகையிலிருந்து நீங்கள் போட்ட தொகையைக் கழியுங்கள். வருவது வீதப்படி வரவேண்டிய முழு வட்டி என்றால், வரி இன்னும் கழிக்கப்படவில்லை. அந்த முழு வட்டியில் பத்தில் ஒன்பது பங்கு என்றால் கழித்தாயிற்று. பத்து இலட்சத்துக்கு எட்டு வீதத்தில் மீதி 80,000 வந்தால் முதல் வகை, 72,000 வந்தால் இரண்டாம் வகை. இரண்டு வங்கிகளின் திரைகளைப் பக்கத்தில் வைத்து எது கூடுதலாகத் தருகிறது என்று ஒப்பிடுபவர்கள் இதை முதலில் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வரியைக் கழித்துக் காட்டும் வங்கி குறைவாகத் தருவதுபோலத் தோன்றும்.

வரி பற்றிய விளக்கத்தைத் தமிழில் தேடினால் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அவை அங்கே உள்ளவர்களுக்குச் சரி. அங்கே ஒரு வங்கியிலிருந்து வரும் வருட வட்டி ஓர் எல்லையைத் தாண்டினால்தான் வரி பிடிப்பார்கள். 2025 ஏப்ரலில் அந்த எல்லை 50,000 இந்திய ரூபாயாகவும் மூத்த குடிமக்களுக்கு ஒரு இலட்சமாகவும் உயர்த்தப்பட்டது. இங்கே அப்படி ஓர் எல்லை இல்லை. நூறு ரூபாய் வட்டி என்றாலும் பத்து ரூபாய் கழியும். காணொளியைப் பார்த்துவிட்டு “என் வட்டி குறைவுதானே, பிடிக்க மாட்டார்கள்” என்று இருந்துவிட்டால், காசு போன பிறகுதான் தெரியவரும்.

ஆனால் கழிந்த காசு எல்லோரும் இழக்க வேண்டிய காசு இல்லை. இலங்கையில் 2025/26 மதிப்பீட்டு ஆண்டு முதல் ஒருவருடைய வருட வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாய்க்கு வருமான வரி கிடையாது. அதற்கு முன் இது 12 இலட்சமாக இருந்தது. நம் பெண்ணின் தையல் வருமானம் வருடத்துக்கு 480,000, வட்டி 80,000, ஆக மொத்தம் 560,000 ரூபாய். 18 இலட்சத்தின் கிட்டவும் போகவில்லை. எட்டு வீதத்தில் வட்டியால் மட்டும் 18 இலட்சத்தை எட்ட வேண்டுமென்றால் வைப்பில் இரண்டு கோடியே இருபத்தைந்து இலட்சம் ரூபாய் இருக்க வேண்டும். எனவே இந்தப் பகுதியில் வைப்பு வைத்திருக்கும் மிகப் பலர், செலுத்தவே தேவையில்லாத வரியைக் கழிக்க விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதைத் தடுக்க ஒரு வழி தரப்பட்டிருக்கிறது. தன் மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று இலங்கையில் வதிபவர் ஒருவர் எழுதிக் கையொப்பமிட்டு வங்கியிடம் கொடுக்கும் சுய பிரகடனப் படிவம் அது. அதைக் கொடுத்தால் வங்கி வரியைக் கழிக்காமல் வட்டியை முழுவதுமாகப் போடும். படிவத்தில் வரி செலுத்துநர் அடையாள இலக்கம், திரையில் `TIN` என்று காண்பது, நிரப்ப வேண்டியிருக்கும். அதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேசிய அடையாள அட்டை விபரத்தோடு பதிந்து இலவசமாகப் பெறலாம். `TIN` எடுத்தால் வரி கட்ட வேண்டும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அந்த இலக்கத்தால் வரி வராது, வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டினால்தான் வரும்.

படிவத்தில் சொல்வது மொத்த வருமானம் என்பதை மனதில் வைக்க வேண்டும். ஒரு வங்கியின் வட்டியை மட்டும் பார்த்துக் கையொப்பமிடக் கூடாது. வேறு வங்கிகளில் உள்ள வைப்பின் வட்டி, வீட்டு வாடகை, கடை இலாபம், சம்பளம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, உண்மையிலேயே 18 இலட்சத்துக்குள் இருந்தால் மட்டும் கொடுக்க வேண்டும். அது சட்டப்படி கொடுக்கும் வாக்குமூலம். மூன்று வங்கிகளில் வைப்பு இருந்தால் மூன்றுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்தது மற்றதுக்குத் தெரியாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்கு என்றால், யார் யார் படிவம் கொடுக்க வேண்டும் என்று போட்ட அன்றே கிளையில் கேட்டு வைத்துவிடுங்கள்.

இந்தப் படிவத்தில் பலரையும் தடுக்கி விழுத்தும் இடம் திகதி. இலங்கையின் மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி அடுத்த வருடம் மார்ச் 31இல் முடிகிறது. பிரகடனம் ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்கு மட்டும் செல்லும். நம் பெண் 2025 ஒக்ரோபரில் வைப்புப் போட்ட கையோடு படிவத்தையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார் என்று வைப்போம். அந்தப் படிவம் 2025/26க்கு உரியது. 2026 மார்ச் 31ஆம் திகதியோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அவருடைய வட்டியோ முதிர்வில், அதாவது 2026 ஒக்ரோபர் 10ஆம் திகதி வருகிறது. அது 2026/27ஆம் ஆண்டு. அந்த ஆண்டுக்குப் புதிய படிவம் கொடுக்காவிட்டால், “நான்தான் படிவம் தந்தேனே” என்று சொன்னாலும் 8,000 ரூபாய் கழிந்துதான் வரும். முன்பு கொடுத்த படிவம் வட்டியே வராத ஆண்டுக்காகக் கொடுத்தது.

மாத வட்டியில் இது வேறு விதமாகத் தெரியும். நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாத வட்டி 2025/26இல் விழுகிறது. அவை படிவத்தின் பலத்தில் 6,416.67 ரூபாயாக முழுமையாக வரும். ஏப்ரலில் வரும் ஆறாவது வட்டி திடீரென்று 5,775ஆகக் குறையும். வட்டி வீதத்தை வங்கி குறைத்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் நிலையான வைப்பின் வீதம் தவணை முடியும்வரை மாறாது. குறைவு சரியாகப் பத்தில் ஒரு பங்கு என்றால் அது வரி, வேறொன்றுமில்லை. ஏப்ரல் பிறந்ததும், அந்த மாத வட்டி வருவதற்கு முன்னாலேயே, புதிய படிவத்தைக் கொடுத்துவிட்டால் அந்தக் குறைவு வராது.

திரையில் இன்னொரு வரி இருக்கும், பெரும்பாலும் கடைசியில்: `Renewal Instruction`. வைப்பு முதிரும் நாளில் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் வங்கி என்ன செய்ய வேண்டும் என்பதற்கான கட்டளை அது. முதலை மட்டும் மீண்டும் போடு, வட்டியைச் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பு என்பது ஒன்று. முதலையும் வட்டியையும் சேர்த்து மீண்டும் போடு என்பது மற்றது. இரண்டாவதில், வரி கழிந்திருந்தால் 1,072,000 ரூபாய் புதிய முதலாகிவிடும். வட்டி கைக்கு வரவில்லையே, பிறகு எதற்கு வரி என்று கேட்பார்கள். கைக்கு வராவிட்டாலும் அது உங்கள் பெயரில் வரவு வைக்கப்பட்ட வட்டி, ஆகவே வரி உண்டு.

மீண்டும் போடும்போது பழைய வீதம் தொடராது, அன்றைய வீதம்தான் வரும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் ஏழு வீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதன் பிறகு ஒரு வருட வைப்புகளுக்கு இருபது வீதத்துக்கு மேலும் வட்டி கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது பத்து இலட்சத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாய் வட்டி எடுத்தவர், தானாகவே புதுப்பிக்கும் கட்டளையை விட்டுவிட்டு அடுத்த அடுத்த வருடங்களில் கணக்கைத் திறந்து பார்க்கும்போது வட்டி பாதிக்கும் கீழே போயிருப்பதைக் கண்டிருப்பார். காசு எங்கும் காணாமல் போகவில்லை. முதிர்வு நாளுக்கு ஒரு கிழமைக்கு முன்னரே அன்றைய வீதத்தைக் கேட்டறிந்து, வேண்டுமானால் கட்டளையை மாற்றிவிட அவருக்கு நேரம் இருந்தது. புதுப்பித்த பிறகு மாற்ற வேண்டுமென்றால் அது இடையில் உடைத்த வைப்பாகக் கணக்கிடப்படக்கூடும்.

இடையில் உடைப்பதென்றால் என்ன நடக்கும் என்பதையும் திரை சொல்வதில்லை. முதிர்வுத் தொகை என்பது முதிர்வு நாள்வரை வைத்திருந்தால் மட்டும் செல்லும் எண். முன்னரே எடுத்தால், வைத்திருந்த காலத்துக்கு வங்கி குறைந்த வீதம் ஒன்றைப் போடும். மாத வட்டி எடுத்தவருக்கு இது இன்னும் கூடுதலாக வலிக்கும், ஏனென்றால் கூடிய வீதத்தில் வட்டியை அவர் ஏற்கனவே வாங்கிவிட்டார். நம் பெண் மாத வட்டியைத் தெரிவு செய்து, ஏழு மாதம் கழித்து மகளின் கலியாணத்துக்காக வைப்பை உடைக்கிறார் என்று வைப்போம். வரியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஏழு மாதத்தில் அவருக்கு 44,917 ரூபாய் வட்டி வந்திருக்கிறது. உடைத்த வைப்புக்கு வங்கி ஐந்து வீதம் மட்டுமே தரும் என்றால், ஏழு மாதத்துக்குச் சேர வேண்டியது 29,167 ரூபாய். கூடுதலாகப் போன 15,750 ரூபாயை வங்கி முதலிலிருந்து கழித்துக்கொள்ளும். கைக்கு 984,250 ரூபாய்தான் வரும். போட்ட முதலே குறைந்து வந்ததைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள். கலியாணம் ஒன்று வரப்போவது தெரிந்தால், பத்து இலட்சத்தையும் ஒரே வைப்பாகப் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுவது நல்லது. தேவைக்கு ஒன்றை மட்டும் உடைத்தால் போதும். அல்லது வைப்பை உடைக்காமல் அதன் பேரில் கடன் எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பல வங்கிகள் தருகின்றன. முதிர்வுக்கு ஓரிரு மாதமே இருக்கும்போது கடனின் வட்டி உடைக்கும் நட்டத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.

படிவம் கொடுக்க மறந்து, அல்லது படிவம் இருப்பதே தெரியாமல், வரி கழிந்துவிட்டவருக்கும் வழி உண்டு. வங்கி கழித்த தொகைக்குச் சான்றிதழ் தரும். அதில் உங்கள் பெயர், `TIN`, வட்டித் தொகை, கழித்த வரி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த மதிப்பீட்டு ஆண்டுக்கான வருமான விபரத் திரட்டை இறைவரித் திணைக்களத்துக்குச் சமர்ப்பித்து, கூடுதலாகக் கழிந்ததைத் திருப்பிக் கேட்க வேண்டும். 18 இலட்சத்தைச் சற்றே தாண்டியவருக்கும் இது பொருந்தும். வருட வருமானம் 20 இலட்சம், அதில் நான்கு இலட்சம் வட்டி என்றால், வங்கி 40,000 ரூபாய் கழித்திருக்கும். ஆனால் வரிக்குரியது 18 இலட்சத்துக்கு மேற்பட்ட இரண்டு இலட்சம்தான். 18 இலட்சத்துக்கு மேற்பட்ட முதல் பத்து இலட்சத்துக்கு வீதம் ஆறு, ஆகவே கட்ட வேண்டியது 12,000. மீதி 28,000 ரூபாய் அவருடைய காசு. வருமானம் அதைவிடப் பெரியது என்றால் நிலைமை தலைகீழாகும்: வங்கி கழித்த பத்து வீதத்தோடு கடமை முடிந்துவிடாது, அடுத்தடுத்த படிகளில் வீதம் 36 வரை ஏறுவதால் மேலும் கட்ட வேண்டியிருக்கும்.

நம் பெண்ணின் கணக்கில் 8,000 ரூபாய் 2026 ஒக்ரோபர் 10ஆம் திகதி கழிந்தது என்றால், அது 2026/27ஆம் மதிப்பீட்டு ஆண்டில் அடங்கும். அந்த ஆண்டு 2027 மார்ச் 31இல் முடியும். விபரத் திரட்டுக்குக் கடைசி நாள் 2027 நவம்பர் 30. சான்றிதழை வங்கியிடம் கேட்டு வாங்குவதற்கு அவருக்கு அந்த ஏப்ரலும் மே மாதமும் நல்ல நேரம். நவம்பர் கடைசிக் கிழமையில் கேட்டால் வங்கிக் கிளையிலும் இறைவரி அலுவலகத்திலும் வரிசை நீண்டிருக்கும்.